ஒரே வளைகோடு, இரண்டு Km: எதை நம்புவது?

ஆய்வக எலி:
அல்கலைன் பாஸ்பட்டேஸோடு பாரா நைட்ரோபீனைல் பாஸ்பேட்டைச் சேர்த்து, வெளியே வரும் மஞ்சள் நிறத்தை 405 நானோமீட்டரில் அளக்கிறேன். பல செறிவுகளில் ஆரம்ப வேகம் மட்டும் எடுத்துப் போட்டால் Km 20 மைக்ரோமோலார், Vmax நிமிடத்துக்கு 5 மைக்ரோமோலார். அதே என்சைமை 100 மைக்ரோமோலாரில் தொடங்கி ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அந்த முழு வளைகோட்டைத் தொகையிட்ட சூத்திரத்தில் பொருத்தினால் Km 140, Vmax 10. R² 0.999. எதை நம்புவது? இன்னொன்று, சப்ஸ்ட்ரேட் செறிவு S மடக்கைக்கு உள்ளேயும் வெளியேயும் மாட்டிக்கொண்டு நிற்கிற இந்தச் சூத்திரத்தைத் தீர்வு என்று சொல்லலாமா?

கணக்கு வாத்தியார்:
இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்கிறேன். சொல்லக்கூடாது. t கொடுத்தால் S வர வேண்டும், அதுதான் தீர்வு. S தனியாகப் பிரியாத வடிவத்தில் நிறுத்துவது பாதிக் கிணறு தாண்டுவது. லாம்பர்ட் W சார்பைப் பயன்படுத்தினால் S தனியாக வந்துவிடும். 1997-ல் ஷ்னெல், மெண்டோசா இருவரும் இந்தச் சமன்பாட்டுக்கே அதை எழுதிக் காட்டிவிட்டார்கள். நிரலில் நாலு வரி:

```python
import numpy as np
from scipy.special import lambertw
def S(t, S0, V, K):
    return K*lambertw(S0/K*np.exp((S0-V*t)/K)).real
```

மஞ்சள் க்யூவெட்:
சார், பாதிக் கிணறு என்று நீங்கள் சொல்வதில்தான் எங்களுக்கு வேண்டிய தண்ணீரே இருக்கிறது. பரிசோதனை கிட் தயாரிக்கும் இடத்தில் பல வருடம் இதே மஞ்சள் நிறத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவள் சொல்கிறேன்.

Vmax-ஐ V என்றும் Km-ஐ K என்றும் எழுதினால் dS/dt = -V·S/(K+S). S எல்லாவற்றையும் ஒரு பக்கம் தள்ளினால் (K/S + 1) dS = -V dt. தொகையிட்டால்:

V·t = (S0 - S) + K·ln(S0/S)

வலது பக்கத்தில் இரண்டு கடிகாரம் ஓடுகிறது. சப்ஸ்ட்ரேட் கொட்டிக் கிடக்கும்போது என்சைம் எல்லாம் நிரம்பியிருக்கிறது, வேகம் ஏறக்குறைய மாறாது. அந்த நேரத்தை முதல் உறுப்பு கணக்கிடுகிறது. S தீரத் தீர மடக்கை உறுப்பு ஆட்சிக்கு வருகிறது. எலியின் 20, 5 இரண்டையும் போட்டுப் பாருங்கள். 100-லிருந்து 50-க்கு வர 12.8 நிமிடம். 10-க்கு வர 27.2. அங்கிருந்து 1-க்கு வர இன்னும் 11 நிமிடம். 1-லிருந்து 0.1-க்கு 9.4. கடைசியில் ஒவ்வொரு பத்து மடங்கு குறைவுக்கும் ஒரே நேரம், 9.2 நிமிடத்தை நெருங்குகிறது. W எழுதினால் இந்தக் கதை ஒரே எழுத்துக்குள் மறைந்துவிடுகிறது. "இந்த அளவுக்குக் கரைய எத்தனை நிமிடம்" என்பதுதான் கேள்வி என்றால், t ஏற்கெனவே வெளிப்படையாகத்தான் நிற்கிறது.

கணக்கு வாத்தியார்:
அழகாக இருக்கிறதம்மா, ஆனால் பிழை எங்கே இருக்கிறது? உங்கள் கருவி நேரத்தைத் துல்லியமாக அளக்கிறது, S-ல்தான் இரைச்சல். t-ஐ S-ன் சார்பாக வைத்துப் பொருத்தினால், S சின்னதாகும்போது மடக்கை அந்த இரைச்சலைப் பெரிதாக்கிவிடும். கடைசிப் புள்ளிகள் மொத்தப் பொருத்தலையும் இழுத்துக்கொண்டு போகும்.

மஞ்சள் க்யூவெட்:
அது சரி, ஒத்துக்கொள்கிறேன். பொருத்தும்போது S-ல்தான் எச்சத்தைக் குறைக்க வேண்டும். ஆனால் அதற்கும் W கட்டாயமில்லை. ஒவ்வொரு t-க்கும் 0-க்கும் S0-க்கும் நடுவே ஒரே ஒரு S தான் இருக்கிறது, நியூட்டன் முறையில் நாலைந்து சுற்றில் பிடித்துவிடலாம். உங்கள் நாலு வரியில் ஒரு குழியும் இருக்கிறது: S0, K-ஐப் போல ஆயிரம் மடங்கு என்றால் அந்த exp கணினியில் வழிந்து inf ஆகிவிடும். எலிக்கு அந்தப் பிரச்சினை இல்லை, அதனால் அவர் நிரலை எடுத்துக்கொள்ளட்டும்.

மூன்றாமாண்டு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஒரு மணி நேரத்தில் கோடு தட்டையாகிவிடுகிறது என்றால் அதுதானே என்சைம் நிரம்பிய நிலை? அந்தத் தட்டை உயரத்தில் பாதி எங்கே வருகிறதோ அங்கே Km எடுத்தால் முடிந்தது. ஏன் இவ்வளவு கணக்கு?

மஞ்சள் க்யூவெட்:
தம்பி, பாடப்புத்தகத்தில் தட்டையாவது வேகம், கிடையச்சில் சப்ஸ்ட்ரேட். இங்கே தட்டையாவது மஞ்சள் நிறம், கிடையச்சில் நேரம். இங்கே சரக்கு தீர்ந்ததால் தட்டை. இந்த வளைகோட்டில் என்சைம் நிரம்பியிருப்பது ஆரம்பத்தில், கோடு நேராக ஏறுகிற இடத்தில்.

எலி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். S 10-க்கு இறங்க எத்தனை நிமிடம் ஆனது?

ஆய்வக எலி:
41 நிமிடம், அக்கா.

கணக்கு வாத்தியார்:
27-க்குப் பதில் 41 என்றால் என்சைம் களைத்துவிட்டது. pH 10-ல் ஒரு மணி நேரம் நின்றால் எது தாங்கும்?

பார்மசி கவுண்டர்:
எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சாராயம் உடம்பில் குறைவது இப்படித்தான், மணிக்கு லிட்டருக்கு 0.15 கிராம் மாதிரி நேர்கோட்டில் இறங்கி, கடைசியில்தான் வளையும். அங்கே யாரும் Km தேடி அலைவதில்லை, சரிவை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். இங்கேயும் நேர்கோட்டுப் பகுதி மட்டும் போதாதா?

மஞ்சள் க்யூவெட்:
நேர்கோட்டுப் பகுதி Vmax தரும், Km தராது. Km இருப்பதே அந்த வளைவில்தான். இரத்தத்தில் இருக்கும் சாராய அளவு Km-ஐவிட வெகு மேலே என்பதால் தப்பிக்கிறார்கள்.

வாத்தியார் சொன்ன களைப்புக்கும் வாய்ப்பு உண்டு, சோதிக்க வழியும் உண்டு. ஆனால் எனக்கு முதல் சந்தேகம் பாஸ்பேட் மேல்தான். இந்த என்சைம் ஒவ்வொரு மூலக்கூறை வெட்டும்போதும் ஒரு பாஸ்பேட்டை வெளியே விடுகிறது. அந்தப் பாஸ்பேட் திரும்பி வந்து சப்ஸ்ட்ரேட் உட்கார வேண்டிய இடத்திலேயே உட்காரும். அதன் பிடிமானம் Kp என்றால், K இருந்த இடத்தில் K(1 + (S0-S)/Kp) போட வேண்டும். மறுபடி பிரித்துத் தொகையிட்டால்:

V·t = (1 - K/Kp)(S0 - S) + K(1 + S0/Kp)·ln(S0/S)

உறுப்புகள் அதே இரண்டுதான், கெழுக்கள் மட்டும் மாறியிருக்கின்றன. அதனால்தான் உங்கள் R² அவ்வளவு அழகு. பாஸ்பேட் தடுத்தாலும் தடுக்காவிட்டாலும் ஒரு வளைகோடு அதே வடிவத்தில்தான் பொருந்தும். பொருத்தல் எதையும் காட்டிக்கொடுக்காது.

K 20, V 5 என்பது உண்மை, Kp 40 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். முதல் கெழு 0.5, இரண்டாவது 70. S 10-க்கு இறங்க (45 + 161.2)/5, அதாவது 41 நிமிடம். இரண்டு கெழுவையும் 0.5-ஆல் வகுத்துச் சாதாரணச் சூத்திரமாக்கினால் Vmax 10, Km 140. நீங்கள் எழுதிய எண்களேதான். ஆரம்ப வேகமும் இரண்டு கணக்கிலும் 4.17 வருகிறது, ஏனென்றால் அப்போது பாஸ்பேட்டே இல்லை.

கணக்கு வாத்தியார்:
Kp-ஐ நீங்களே 40 என்று தேர்ந்தெடுத்தால் பொருந்தத்தானே செய்யும். மூன்று குமிழைத் திருகினால் யானையையே வரையலாம்.

மஞ்சள் க்யூவெட்:
அதனால்தான் S0-ஐ மாற்றச் சொல்லப் போகிறேன். பொய் Km-க்குள் S0 ஒளிந்திருக்கிறது. என் ஊகம் சரியென்றால் 50-ல் தொடங்கினால் 90 வரும், 25-ல் தொடங்கினால் 65. பொய் Vmax மட்டும் 10-லேயே நிற்க வேண்டும். Km-ஐ S0-க்கு எதிராக வரைந்தால் நேர்கோடு. அதன் சரிவும் வெட்டுத்துண்டும் இருந்தால் K, Kp இரண்டையும் பிரித்துவிடலாம். 1903-ல் விக்டர் ஆன்றி சர்க்கரையைப் பிளக்கும் இன்வெர்ட்டேஸில் விளைபொருளையும் சேர்த்தே தொகையிட்டார். மைக்கேலிஸும் மென்டனும் வந்தது 1913-ல். நாம்தான் பிற்பாடு அந்த உறுப்பை மறந்துபோனோம்.

களைப்புக்குத் தனிச் சோதனை, 1965-ல் செல்வின் சொன்னது. என்சைமைப் பாதியாக்கி இன்னொரு ஓட்டம் ஓடவிடுங்கள். நேரத்தை என்சைம் அளவால் பெருக்கி வரைந்தால் இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். பாஸ்பேட் தடுத்தாலும் விழும். என்சைம் செத்துக்கொண்டிருந்தால் விழாது.

ஆய்வக எலி:
மூன்று நாள் கழித்து வருகிறேன். 50-ல் Km 93, Vmax 10.2. 25-ல் Km 48, Vmax 7.4. பாதி என்சைம் கோடு 35 நிமிடம் வரை அப்படியே மேலே படிகிறது, அப்புறம் லேசாகக் கீழே இறங்குகிறது.

கணக்கு வாத்தியார்:
25-ல் 65 வரவில்லை. கடைசியில் என்சைமும் கொஞ்சம் சாகிறது. நான் சொன்னதும் இருக்கிறது.

மஞ்சள் க்யூவெட்:
கடைசியில் இறங்குவது உங்கள் கட்சிதான் சார், மறுக்கவில்லை. ஆனால் 25-ஐ என் தலையில் கட்டாதீர்கள். 7.4-ஐ 48-ஆல் வகுத்தால் 0.154. 10-ஐ 65-ஆல் வகுத்தாலும் 0.154. S0, Km-ஐவிடக் கீழே இருக்கும்போது மடக்கை உறுப்பு மட்டுமே பேசுகிறது. அந்த ஓட்டத்துக்கு இரண்டின் விகிதம்தான் தெரியும், தனித்தனி எண் தெரியாது. மூன்று ஓட்டத்தையும் ஒரே K, V, Kp வைத்துச் சேர்த்துப் பொருத்துங்கள்.

எலி, என்சைம் போடுவதற்கு முன் க்யூவெட்டில் எவ்வளவு காட்டியது?

ஆய்வக எலி:
100 ஓட்டத்தில் 0.21. அதைப் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் தொடங்கினேன். ஸ்டாக் போட்டு மூன்று வாரம் ஆகிறது, பாட்டில் லேசாக மஞ்சளாக இருக்கிறது.

மஞ்சள் க்யூவெட்:
பூஜ்யமாக்கினால் நிறம்தான் போகும், பாஸ்பேட் போகாது. மோலார் ஒளி உறிஞ்சல் ஏறக்குறைய 18,000, 0.21 என்றால் 12 மைக்ரோமோலார் ஏற்கெனவே உடைந்திருக்கிறது. அவ்வளவு பாஸ்பேட்டோடுதான் தொடங்கியிருக்கிறீர்கள், 100 என்று நினைத்ததும் 88 தான். இந்த அழுக்கு சப்ஸ்ட்ரேட்டோடு சேர்ந்தே கூடிக் குறைவதால் ஆரம்ப வேகக் கணக்கையும் விடாது. Kp 40 அளவில் இருந்தால், செறிவுகளை 88 போலத் திருத்திப் போட்ட பிறகும் Km, Vmax இரண்டையும் ஆறேழு சதவீதம் சேர்த்தே இறக்கும், வரைபடம் நேராகவே இருக்கும்.

ஆய்வக எலி:
அப்படியென்றால் அந்த 20-உம் சுத்தம் இல்லை. நாளைக்குப் புது ஸ்டாக் போட்டு மூன்று ஓட்டத்தையும் மறுபடி எடுக்கிறேன்.

கணக்கு வாத்தியார்:
எடுத்ததும் மூலத் தரவையே இங்கே போடுங்கள். Kp-ஐ இந்த முறை நான் பொருத்திப் பார்க்கிறேன், W வைத்து.