செம்பனை ஓட்டு வருமானத்தை எதில் கழிப்பது?

வணக்கம். குளுவாங் பக்கத்துச் செம்பனை ஆலைக் கணக்கில் ஒரு சந்தேகம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழக்குலையைப் பிழியும் வரை கூட்டுச் செலவு 8,10,000 ரிங்கிட். பிழிந்ததும் எண்ணெய் ஒரு பக்கமும் கொட்டை கலந்த சக்கை ஒரு பக்கமும் பிரிகின்றன. அதுதான் பிரிநிலை.

அந்த மாத எண்ணெயின் விற்பனை மதிப்பு 9,00,000. தெளியவைக்கும் செலவு 20,000 போக 8,80,000. பருப்பு 1,30,000. கொட்டை உடைக்கும் செலவு 10,000 போக 1,20,000. ஓடு துணைப்பொருள், லாரிக் கூலி போக 10,000 வருகிறது.

ஓட்டுப் பணத்தைக் கூட்டுச் செலவில் கழித்தால் 8,00,000 மிஞ்சும். 88:12 விகிதத்தில் எண்ணெய்க்கு 7,04,000, பருப்புக்கு 96,000.

ஆனால் ஓடு பிரிநிலையில் வருவதில்லையே! கொட்டையை உடைத்த பிறகுதான் கிடைக்கிறது. அதனால் பருப்பின் உடைப்புச் செலவில் கழிப்பதே சரி என்று படுகிறது. அப்போது பருப்பின் மதிப்பு 1,30,000 ஆகும்; 8,10,000-ஐ 880:130 என்று பிரித்தால் எண்ணெய்க்கு 7,05,743, பருப்புக்கு 1,04,257.

இதில் பருப்பின் மொத்தச் செலவு 1,06,000-லிருந்து 1,04,257-ஆகக் குறைகிறது. விற்காத பருப்பு இருப்பின் மதிப்பும் மாறும். உங்கள் ஆலைகளில் எந்த முறை? தணிக்கையாளர் எதை ஏற்றார்?