வென்டிலேட்டரில் மூச்சளவு வைக்க உயரம் அளந்த அனுபவங்கள்

சுவாச சிகிச்சை டெக்னீஷியன், கோவை

வேறு ஆஸ்பத்திரியில் டியூப் போட்டு அனுப்பிய கேஸ். ஐம்பது வயது தாண்டிய அம்மா, நிமோனியா முற்றி, நுரையீரல் முழுக்க வீங்கி நீர் கோக்கும் ஏஆர்டிஎஸ் ஆகியிருந்தது. எடை 82 கிலோ. கிலோவுக்கு 6 மில்லி என்று போட்டு, ஒரு மூச்சுக்கு 490 மில்லி வைத்திருந்தார்கள். பெருக்கல் சரிதான், கிலோதான் தப்பு. மூச்சு வெளியே போன பிறகும் நுரையீரலில் மிஷின் நிறுத்தி வைக்கும் அழுத்தமான பீப் 10-இல் இருந்தது; மூச்சு உள்ளே போய் நின்றதும் நுரையீரலில் இருக்கும் அழுத்தமான பிளாட்டோ பிரஷர் 36 காட்டியது. அது 30-க்குள் நிற்க வேண்டும்.

சார்ட்டில் உயரம் எழுதும் இடம் காலி. கட்டிலைச் சமமாக இறக்கி, உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை நாடா பிடித்தோம். 150 செ.மீ. மூச்சளவுக்கு எடுக்க வேண்டியது தராசு காட்டும் எடை இல்லை, உயரத்திலிருந்து இப்படிக் கணக்கிடும் எடை:

```
ஆண்:  50   + 0.91 × (உயரம் செ.மீ − 152.4)
பெண்: 45.5 + 0.91 × (உயரம் செ.மீ − 152.4)
```

வந்தது 43.3 கிலோ. அப்படியென்றால் 6 மில்லி கணக்கில் 260 போதும். போய்க்கொண்டிருந்த 490, கிலோவுக்கு 11-க்கும் மேல்! 2000-இல் வந்த அமெரிக்க ஏஆர்டிஎஸ் ஆய்வில் 12 மில்லி பிரிவில் 39.8 சதவீதம் பேரும், 6 மில்லி பிரிவில் 31 சதவீதம் பேரும் இறந்தார்கள். 6 வைத்த நினைப்பில் 12-ஐத் தொட்டுக்கொண்டிருந்தோம். உடம்பு பருத்தால் நுரையீரலும் கூடப் பருப்பதில்லை.

ஒரேயடியாக இறக்கவில்லை. முதலில் 350, பிறகு 300, கடைசியில் 260. மூச்சு எண்ணிக்கையை 16-லிருந்து 30-க்கு ஏற்றினோம். நிமிடக் கணக்கு கிட்டத்தட்ட அதேதான், ஆனாலும் கார்பன் டை ஆக்சைடு ஏறியது. குழாய்களிலேயே வீணாகும் காற்று சின்ன மூச்சில் பெரிய பங்கைத் தின்றுவிடும். டியூப் முனையில் இருந்த ஃபில்டரை எடுத்துவிட்டு, சூடேற்றும் ஹியூமிடிஃபையர் மாட்டியதும் கொஞ்சம் இறங்கியது. ரத்தத்தின் பிஹெச் 7.28, கொஞ்சம் அமிலப் பக்கம். டாக்டர் அதை அப்படியே விடச் சொன்னார். பிளாட்டோ 25.

மயக்கவியல் பிஜி

இவ்வளவு கணக்கு எதற்கு? உயரத்தில் 100 கழித்தால் போதுமே. நான் அப்படித்தான் போடுகிறேன்.

சுவாச சிகிச்சை டெக்னீஷியன், கோவை

170 செ.மீ ஆணுக்கு 70 வரும், சூத்திரம் 66 சொல்லும். அங்கே பரவாயில்லை. இந்த அம்மாவுக்கு 50 வருகிறதே டாக்டர். 260-க்குப் பதில் 300 போகும். குள்ளமான பெண்களிடம்தான் உங்கள் வழி அதிகம் சறுக்கும், அதிக மூச்சளவு வாங்குவதும் பெரும்பாலும் அவர்கள்தான்.

ஐசியு செவிலியர், மதுரை

நாடா பிடிப்பதில் ஒரு சங்கடம் சொல்கிறேன். ஒரு பெரியவருக்கு அளந்துகொண்டிருந்தபோது கண்ணாடி வழியாகப் பார்த்த மகள் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார். பெட்டிக்கு அளவெடுக்கிறோம் என்று நினைத்திருக்கிறார். அதிலிருந்து, "மூச்சு எவ்வளவு கொடுக்கணும்னு பார்க்க உயரம் எடுக்கிறோம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் நாடாவை எடுப்பது.

உறவினரிடம் உயரம் கேட்டால் "நல்ல உயரம் சிஸ்டர்" என்பார்கள். டாக்டர்கள் கட்டில் ஓரம் நின்று கண்ணால் மதிப்பிடுவதும் அநேகமாகக் கூடுதலாகத்தான் இருக்கிறது. கால் மடங்கி நீட்ட முடியாதவர்களுக்கு முழங்கை முனையிலிருந்து மணிக்கட்டு எலும்பு வரை அளந்து, அட்டவணையில் உயரம் பார்ப்போம். அது தோராயம்தான், ஆனாலும் ஊகத்தை விட மேல்.

வாசகர்

நான் பெண், 158 செ.மீ. சூத்திரத்தில் 50.6 வருகிறது. இப்போது 71 இருக்கிறேன். 20 கிலோ குறைக்க வேண்டுமா?

ஐசியு செவிலியர், மதுரை

இல்லைங்க, இது டயட் கணக்கு இல்லை. நுரையீரல் எவ்வளவு பெரிசு என்று ஊகிக்க, எடை மாதிரி ஒரு எண்ணைப் பயன்படுத்துகிறோம். எடை குறைப்பதற்கு உங்கள் டாக்டரையே கேளுங்கள்.

மருந்தாளுநர்

இதன் வேர் 1974-இல் டிவைன் என்பவர் ஜென்டாமைசின் டோஸுக்காக எழுதிய கணக்கு. 5 அடிக்கு மேல் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 2.3 கிலோ. 152.4 என்ற விநோத எண் அந்த 5 அடிதான். நுரையீரலை அளந்து பிறந்த சூத்திரம் இல்லை, அதையும் மனதில் வையுங்கள்.

தீவிர சிகிச்சை டாக்டர், திருச்சி

5 அடிக்குக் கீழே போகப்போக எனக்கும் அதே உறுத்தல். முதுகு நன்றாகக் கூனிய ஒரு பாட்டி, நாடாவில் 128 செ.மீ. கணக்கு 23 கிலோ, அதாவது 140 மில்லி. இரு கைகளையும் விரித்து அளந்தால் 146, மூச்சளவு 240-க்குப் பக்கம். கைவீச்சை எடுத்துக்கொண்டு, பிளாட்டோவைப் பார்த்தபடியே 220 வைத்தேன்.

சுவாச சிகிச்சை டெக்னீஷியன், கோவை

கைவீச்சு அவருடைய பழைய உயரத்தைச் சொல்லும் சார். ஆனால் கூன் விழுந்த மார்புக்கூட்டுக்குள் இப்போது அவ்வளவு இடம் இருக்குமா? நானாக இருந்தால் 180-இல் ஆரம்பித்திருப்பேன்.

தீவிர சிகிச்சை டாக்டர், திருச்சி

180-இல் கார்பன் டை ஆக்சைடு தாங்கியிருக்காது என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். பிளாட்டோ 28 வரை போனது என்பதும் உண்மை.