புதுப்பிப்பு: கொலையாளியைப் பாதியிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள்

"ரைஸ் மில் முதலாளி கொலைக் கதை. சந்தேகத்துக்கு நாலு பேர். ஆனா கணக்குப்பிள்ளைதான்னு படிக்கிறவங்க பாதியிலேயே சொல்லிடறாங்க. என்ன செய்ய?"

எல்லோருக்கும் நன்றி. பலித்தது அக்கா ஒருவர் சொன்னது: ஆளுக்கொரு பொய், கொலைக்குச் சம்பந்தமில்லாத காரணத்தோடு. மருமகன் மறைத்தது சீட்டாட்டத்தை. சமையல்காரம்மா சாவியை ஒளித்தது மகனைக் காப்பாற்ற. இரண்டும் கடைசியில்தான் உடைகின்றன. கணக்குப்பிள்ளைக்கு மட்டும் ஆரம்பத்திலேயே வலுவான அலிபி: சைரன் ஊதியபோது எல்லோர் கண்ணெதிரிலும் இருந்தார். அன்று சைரன் தாமதம் என்பது தொழிலாளர்களின் டீ புலம்பலுக்குள் போகிறது.

சந்தேக நபர்களை ஏழாக்கச் சொன்ன தம்பி பாதி சரி. குழப்பம் கூடியது, நோக்கங்கள் நீர்த்தன. பாகப்பிரிவினை வழக்கை விவரித்த அண்ணே, இது கதைங்க!

எதிர்பாராதது: நோக்கமே இல்லாத கம்பவுண்டரைப் பலர் சந்தேகிக்கிறார்கள். அடிக்கடி வருகிறாராம். அவரை என்ன செய்வதென்று இன்னும் முடிவாகவில்லை.