பெசல், போர்ட் பேனல் ரெண்டுக்கும் தமிழ்ல என்ன வைக்கலாம்?

கலைச்செல்வி: பழைய டிவி வாங்குறவங்களுக்கு ஒரு கையேடு எழுதிட்டு இருக்கேன், போட்டோவ மட்டும் வச்சு மாடல், சைஸ், விலை எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு. திரைய சுத்தி இருக்குற பெசலுக்கு "விளிம்புச் சட்டம்", பின்னாடி வயர் செருகுற போர்ட் பேனலுக்கு "துறைப் பலகை"ன்னு போட்டிருக்கேன், சரியா வருமா? உதாரணத்துக்கு ஒரு விளம்பரம் எடுத்திருக்கேன், 50 இஞ்ச் 4கே, 22,000 ரூபாய்னு போட்டு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டே போட்டோ, மாடல் நம்பர் ஸ்டிக்கர் மட்டும் பாத்து கட் பண்ணிட்டாங்க.

பிரபு: துறைன்னா டிபார்ட்மென்ட்னு படிப்பாங்க. "செருகுவாய்" நல்லாருக்கு. சைஸுக்கு எச்டிஎம்ஐ செருகுவாயே போதும்ங்க, எந்த டிவிலயும் அது 14 மி.மீ. அகலம்தான், போட்டோல அத அளந்து மொத்த அகலத்தோட ஒப்பிட்டா முடிஞ்சுது.

ஜோசப்: தம்பி சொல்றது பாதி சரி. 14 மி.மீ.ங்கிறது போட்டோல இருபது பிக்சல் சொச்சம்தான் வரும், அதுல ரெண்டு பிக்சல் தப்பா அளந்தாலே பத்துல ஒரு பங்கு போச்சு, 43 இஞ்ச் 47ஆ ஆயிடும். அதவிட சுவத்துல மாட்டுற நாலு ஸ்க்ரூ ஓட்டை இருக்கு பாருங்க, வெசா ஓட்டை, அது 100, 200, 300, 400 மி.மீ.ன்னு கட்டான அளவுலதான் வரும். அத வச்சு அளங்க, எச்டிஎம்ஐய சரிபாக்க வச்சுக்கங்க. அப்புறம் அம்மா, "பலகை"ன்னு மட்டும் போடாதீங்க. கடையில பேனல்னா கண்ணாடித் திரை, போர்டுன்னா உள்ள இருக்குற மெயின்போர்டு. பலகைன்னு படிச்சுட்டு ஒருத்தன் வந்து "பலகை போச்சு"ன்னா நான் எத கழட்டுறது?

இரவி: எங்க வீட்டு டிவில சத்தம் வருது படம் வரல, இது போர்ட் பிரச்சனையா இருக்குமா?

ஜோசப்: இல்ல ஐயா, ரூம இருட்டாக்கிட்டு திரைமேல டார்ச் அடிச்சுப் பாருங்க, மங்கலா படம் தெரிஞ்சா பேக்லைட் போயிருக்கு. இங்க பேசுறது வேற.

கலைச்செல்வி: அண்ணே, நீங்க சொன்னபடி அளந்தேன். ஓட்டை ரெண்டுக்கும் நடுவுல 310 பிக்சல், டிவி மொத்த அகலம் 1490, எச்டிஎம்ஐ 22. ஆனா ஓட்டை 200ஆ 300ஆன்னு எப்படி முடிவு பண்றது?

ஜோசப்: அங்கதான் எச்டிஎம்ஐ உதவும். 200ன்னு வச்சா எச்டிஎம்ஐ 14 மி.மீ. சொச்சம் வருது, 300ன்னா 21 வந்துடும், அப்படி ஒண்ணு கிடையாது. ஆக 200. டிவி அகலம் 96 செ.மீ. 43 இஞ்ச் திரை மட்டும் 95 செ.மீ., 50 இஞ்ச்னா 110க்கு மேல போகணும். அந்தாளு சொல்ற மாதிரி 50ஆ இருந்தா ஓட்டை இடைவெளி 230 மி.மீ. கிட்ட வரணும், அப்படி வெசா அளவே இல்ல. ஆனா டிவிய சாச்சு எடுத்த போட்டோன்னா இதெல்லாம் பொய்யாயிடும், இடது ஓரமும் வலது ஓரமும் ஒரே உயரமா இருக்கான்னு முதல்ல பாருங்க.

கலைச்செல்வி: ஒரே உயரம்தான். அப்ப பெசல் போட்டோ எதுக்கு?

ஜோசப்: பின்னாடி நாம அளந்தது சட்டத்தோட சேத்து. பழைய செட்டுன்னா ரெண்டு பக்கமும் 3 செ.மீ. சட்டம் இருக்கும், அப்ப 40 இஞ்சே கிட்டத்தட்ட இந்த அகலம் வந்துடும். முன்பக்க போட்டோல சட்டம் நூல் மாதிரி மெலிசா இருக்குறதால 43ன்னு அடிச்சு சொல்லலாம்.

பிரபு: போர்ட் பக்கத்துல இஏஆர்சின்னு அச்சடிச்சிருக்கு, எச்டிஎம்ஐ வழியா சவுண்ட்பாருக்கு சத்தம் அனுப்புற வசதி அது, பெரும்பாலும் 2019க்கு அப்புறம் வந்ததுதான். விஜிஏ இல்ல, எச்டிஎம்ஐ மூணு. ஆனா மாடல் இதுக்குமேல போட்டோல பிடிபடாது, ஒரே சீரிஸ்ல 43, 50, 55 எல்லாத்துக்கும் பின்னாடி அதே வரிசைதான் போடுவாங்க. மெனுல அபவுட் பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. சாம்சங்னா UA43TU8000 மாதிரி வரும், 43ங்கிறது சைஸ், TUன்னா 2020, AUன்னா 2021.

ஜோசப்: விலைக்கு வருவோம். 2025 செப்டம்பர்ல 32 இஞ்சுக்கு மேல இருக்குற டிவிக்கு ஜிஎஸ்டி 28லேர்ந்து 18 ஆனதுல புதுசோட விலையே இறங்கிருச்சு, அதனால பழைய பில்ல காட்டுனா மயங்காதீங்க. திரைல கோடு, கரும்புள்ளி இல்லாத அஞ்சு வருஷ 43க்கு நான்னா 12,000க்கு மேல தரமாட்டேன்.

பிரபு: 15 வரைக்கும் போகலாம்ணே, ரிமோட்டும் ஸ்டாண்டும் இருந்தா.

கலைச்செல்வி: சரி, இப்போதைக்கு பெசலுக்கு "விளிம்புச் சட்டம்", மத்ததுக்கு "செருகுவாய் வரிசை"ன்னு மாத்தறேன், பலகை வேணாம்.

ஜோசப்: வரிசை ஓகே. ஆனா எங்க கடைப் பசங்க பெசல ஃப்ரேம்னுதான் சொல்லுவாங்க, வெறும் "சட்டம்"னே விட்டா என்ன?

பிரபு: வெறும் சட்டம்னா வக்கீல் ஞாபகம் வருதுண்ணே. "திரைச்சட்டம்"?