கியர்பெட்டி சூடானால் எரியும் விளக்கு: தமிழில் என்ன பெயர்?

கதிர்:
கார்க் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். தானியங்கிக் கியர் வண்டி, A/T OIL TEMP என்று ஒரு விளக்கு. எனக்கு முன்னால் இதைத் தொட்டவர் அந்த T-யை, அதாவது டிரான்ஸ்மிஷனை, ஒலிபரப்பு என்று எடுத்துக்கொண்டு ‘பரப்புகை வெப்பநிலை எச்சரிக்கை’ என்று போட்டிருக்கிறார். படித்தால் வானொலி நிலையத்துக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கிறது. ‘வெப்ப எச்சரிக்கை’ என்று சுருக்கிவிடலாமா?

மலர்விழி:
தயவுசெய்து வேண்டாம். ஏழு பேர், கூரை மேல் மூட்டைகள், மலையேற்றம், முன்னால் ஊர்ந்து போகும் லாரி. அரைமணி நேரம் இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவே இல்லை. அப்போதுதான் இந்த விளக்கு எரிந்தது. இஞ்சின் சூட்டு முள்ளைப் பார்த்தால் நட்டநடுவில் சமத்தாக நிற்கிறது. சூடு என்றாலே இஞ்சின்தானே என்று நினைத்து, ஓரங்கட்டி உடனே இஞ்சினை அணைத்துவிட்டேன். அது தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. எது சூடு என்று பெயரிலேயே இருந்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

சிவராமன்:
அம்மா சொல்வது சரி. பல வருடமாக இந்தப் பெட்டிகளைப் பிரித்துப் பூட்டுகிறவன் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. இஞ்சின் பக்கத்து விசிறி எண்ணெயை வீச, அந்த வீச்சில் கியர் பக்கத்து விசிறி சுற்றுகிறது. சமவெளியில் சீரான வேகத்தில் போனால் உள்ளே ஒரு பூட்டு விழுந்து இரண்டும் ஒன்றாகச் சுற்றும், சூடு அதிகம் கிடையாது. பாரத்தோடு மெதுவாக ஏறும்போது பூட்டு பெரும்பாலும் விழாது. இஞ்சின் 40 கிலோவாட் கொடுத்து, அதில் 80 விழுக்காடுதான் அந்தப் பக்கம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 8 கிலோவாட்டும் எண்ணெயில் சூடாக இறங்குகிறது. பெரிய வெந்நீர்க் கம்பிகள் நாலைப் போட்டுக் காய்ச்சுகிற மாதிரி. அதனால்தான் இஞ்சின் முள் அசையாமல் இருக்கும்போதே இது எரியும்.

இஞ்சின் சுற்றினால்தான் எண்ணெய்ப் பம்பும் சுற்றும். அணைத்தால் எண்ணெய் குளிர்விப்பானுக்குப் போகாமல் உள்ளேயே நிற்கும். இஞ்சின் முள்ளும் சிவப்பில் இல்லையென்றால், P-யில் போட்டு, கைப்பிரேக் இழுத்து, ஏசியை நிறுத்தி, விளக்கு அணையும்வரை இஞ்சினைச் சும்மா ஓட விடுவதுதான் வழக்கம்.

பரணி:
கீழ் கியருக்குப் போகாமல் D-யிலேயே விட்டுவிடச் சொல்லிக் கையேட்டில் சேர்த்துவிடுங்கள் கதிர். கீழ் கியரில் இஞ்சின் அலறும், அலறினால் சூடு கூடத்தானே செய்யும்.

சிவராமன்:
தம்பி, பாதி சரி. இஞ்சின் சுற்று கூடும், உண்மை. ஆனால் அதே வேகத்தில் கீழ் கியர் போட்டால் கியர் பக்கத்து விசிறியும் வேகமாகச் சுற்றும், இரண்டுக்கும் இடையிலான வழுக்கல் குறையும். பம்பும் கூடுதலாக எண்ணெயைத் தள்ளும். D-யில் விட்டால் சில வண்டிகள் மேல் கியருக்கும் கீழ் கியருக்கும் மாறி மாறித் தாவிக்கொண்டே இருக்கும். ஏற்றத்தில் நிற்கும்போது பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பிடித்து வைப்பார்களே, அது இன்னும் மோசம். கியர் பக்கம் அசையாது, கொடுத்ததெல்லாம் சூடுதான்.

செல்வம்:
என் வண்டி கையால் கியர் மாற்றுவது. ஏற்றத்தில் கிளட்ச் கருகின வாசம் வந்தது, விளக்கு ஒன்றும் எரியவில்லை. விளக்கு கெட்டுவிட்டதா?

சிவராமன்:
கெடவில்லை, உங்கள் வண்டியில் அப்படியொரு விளக்கே இருக்காது. ஆனால் நல்ல இடத்தில் கேட்டீர்கள். தானியங்கிகளிலேயே எண்ணெயில் மூழ்காத இரட்டைக் கிளட்ச் வகை ஒன்று உண்டு. அதில் ஊர்ந்து ஏறினால் உங்களுடையது மாதிரி தட்டுதான் சூடாகும்.

கதிர்:
அப்படியானால் நான் மனதில் வைத்திருந்த ‘கியர் எண்ணெய்ச் சூடு’ செத்தது. ‘பல்லிணைப்பெட்டி மிகைவெப்ப எச்சரிக்கை’?

மலர்விழி:
அதை வாசித்து முடிப்பதற்குள் மலை உச்சி வந்துவிடும். ‘கியர்பெட்டி சூடு’ போதும்.

பரணி:
‘கியர்’ தமிழா?

மலர்விழி:
மெக்கானிக்கிடம் போய்ப் ‘பல்லிணை’ என்று சொல்லிப் பாருங்கள்.

கதிர்:
சரி, திரையில் ‘கியர்பெட்டி சூடு’, கையேட்டின் தலைப்பில் ‘கியர்பெட்டி மிகைவெப்ப எச்சரிக்கை’. பல்லிணையை இப்போதைக்குச் சொல்லடைவில் மட்டும் வைக்கிறேன், பரணி ஒத்துக்கொள்ளமாட்டார் என்று தெரியும். அதே வரியில் ‘இஞ்சினை அணைக்காதீர்’ என்பதையும் திரையில் நுழைக்கப் பார்க்கிறேன். ஆனால் அந்த உலர் கிளட்ச் வண்டிக்கும் அதே அறிவுரை பொருந்துமா ஐயா?

சிவராமன்:
அதில் குளிர்விக்கச் சுற்றிவர எண்ணெய் இல்லையே. தட்டுக்கு ஓய்வு கிடைத்தால் போதும், P-யில் நிறுத்திக் காத்திருக்க வேண்டியதுதான். இஞ்சினைப் பற்றி அந்தந்த வண்டிக் கையேடு சொல்வதைப் போடுங்கள், இரண்டுக்கும் ஒரே வரி வேண்டாம்.