பெர்மிஷனுக்கு ‘அனுமதி’ போதுமா?

கோமதி, பட்டர்வொர்த்:
வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் கடை நடத்தும் பெண்களுக்காகக் கைப்பேசிக் கையேடு ஒன்று எழுதுகிறேன். ஒரு டார்ச் செயலி தொடர்பேட்டைக் கேட்கும் திரைப்பிடிப்பின் கீழ் ‘அனுமதி’ என்று போட்டிருந்தேன். அதைப் படித்துப் பார்த்த அக்கா ஒருவர், “ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும், அவ்வளவுதானே?” என்றார். சொல் சரியில்லையோ என்று தோன்றுகிறது. ‘அணுகுரிமை’ எப்படி?

சுப்ரா, பிரிக்ஃபீல்ட்ஸ்:
ஆண்ட்ராய்டின் தமிழ்த் திரையிலேயே ‘அனுமதி’ என்றுதான் இருக்கிறது. திரையில் ஒன்று, கையேட்டில் ஒன்று என்றால் வாசிப்பவர் குழம்புவார். பயமும் வேண்டாம்மா. அமைப்புகளில் போய் அணைத்துவிட்டால் கொடுத்தது திரும்பிவிடும்.

முகுந்தன், ஜார்ஜ்டவுன்:
அண்ணே, பாதிதான் சரி. அணைத்தால் இனிமேல் படிக்க முடியாது; படித்து முடித்தது திரும்பாது. தொடர்பேட்டைப் படிக்கும் அனுமதியான READ_CONTACTS கிடைத்ததுமே செயலியால் முழுத் தொடர்பேட்டையும் படிக்க முடியும். பெயர், எண், மின்னஞ்சல், நீங்கள் சேர்த்து வைத்த பிறந்தநாள்கூட. அதை வெளியே அனுப்ப INTERNET என்ற அனுமதி வேண்டும். அதற்கோ யாரும் உங்களைக் கேட்பதில்லை, நிறுவும்போதே கிடைத்துவிடும். கேமரா, மைக் ஓடும்போது ஆண்ட்ராய்டு 12 முதல் பச்சைப் புள்ளி தெரியும். தொடர்பேட்டைப் படிக்கும்போது அப்படி எதுவும் தெரியாது.

ஒரே ஒருவரின் எண் தேவையென்றால், செயலி கைப்பேசியின் தேர்வுத் திரையைத் திறந்து நம்மையே எடுத்துக் கொடுக்கச் சொல்லலாம். அதற்கு READ_CONTACTS தேவையே இல்லை. டார்ச் அடிக்க அதுகூட வேண்டாம். அதனால் இந்தப் படத்தை அப்படியே வையுங்கள் அக்கா, நல்ல உதாரணம்.

தேவி, செந்தூல்:
என் அண்ணி ஒரு கடன் செயலிக்கு Allow தட்டினார். தவணை தவறிய வாரம் எங்கள் பெரியம்மாவுக்குக் குறுஞ்செய்தி வந்தது, அண்ணியின் பெயரைப் போட்டு. பெரியம்மா எதையுமே தட்டவில்லை. அவர் எண்ணை எப்படி நீக்குவது?

முகுந்தன்:
அண்ணியின் கைப்பேசியில் என்ன செய்தாலும் அது நீங்காதுங்க. எண் இப்போது அவர்களுடைய சர்வரில் இருக்கிறது. எழுத்தில் கேட்டுப் பாருங்கள், அந்தக் குறுஞ்செய்தியையும் அழிக்காமல் வையுங்கள்.

சொல்லுக்கு வருகிறேன். ‘அணுகுரிமை’யில் உள்ள ‘உரிமை’ உறுத்துகிறது, ஏதோ செயலிக்குச் சொந்தமானதுபோல. ‘அணுகல் இசைவு’ என்றால் கொடுப்பது நாம் என்பது தெரியும்.

சுப்ரா:
சரி, திரும்பிவிடும் என்று நான் சொன்னது தப்பு. ஆனால் ‘இசைவு’ கல்யாணப் பேச்சில் வரும் சொல். கடைக்கார அக்காவுக்கு ‘அனுமதி’தான் புரியும்.

கோமதி:
பொத்தானுக்குத் திரையில் உள்ளபடி ‘அனுமதி’யே இருக்கட்டும். விளக்கத்தில் ‘அணுகல் இசைவு’ போட்டுப் பார்க்கிறேன். படத்தின் கீழ் இப்படி எழுதியிருக்கிறேன்: “தட்டினால் உங்கள் பட்டியலில் உள்ள எல்லாருடைய எண்ணும் போகலாம். பிறகு அணைத்தாலும் போனது வராது.” இருப்பிடம் கேட்கும் படத்துக்கு இது பொருந்தாது, அங்கே ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்றும் கொடுக்கலாம். அதற்கும் இதே சொல் போதுமா, முகுந்தன் தம்பி?