0.3-ஆ, 7-ஆ? கருத்தடை மாத்திரைத் தாளில் இருக்கிற எண்ணை எப்படிப் படிக்கிறது?

தேன்மொழி: கிளினிக்குக்கு வர்றவங்க மாத்திரைத் தாளைக் காட்டி, "100 பெண் ஆண்டுக்கு இத்தனை கர்ப்பம்"னா என்னன்னு கேக்குறாங்க. ஒரு இடத்துல 0.3, இன்னொரு இடத்துல 7. இதை விளக்கிப் பழக்கப்பட்டவங்க சொல்லுங்க.

குமரன்: 0.3 தவறாம சாப்பிட்டவங்களுக்கு. 7 மறக்கிறவங்களையும் சேர்த்து. அதாவது வருஷத்துக்கு 100 பேர்ல 7 பேர். பத்து வருஷம் சாப்பிட்டா 70 பேர்.

பிரேமா: முதல் பாதி சரி தம்பி. அந்த 7 அமெரிக்கப் பெண்கள்கிட்ட எடுத்த கணக்கு, அதுவும் மாத்திரை ஆரம்பிச்ச முதல் வருஷத்துக்கு மட்டும். பத்தால பெருக்கக் கூடாது. சீக்கிரம் கரு தங்குறவங்களும் அடிக்கடி மறக்கிறவங்களும் ஆரம்பத்துலயே கர்ப்பமாகி கணக்கை விட்டுப் போயிடுவாங்க. மிச்சம் இருக்கிறவங்களுக்கு ஆபத்து குறைவு.

"100 பெண் ஆண்டுக்கு இத்தனை கர்ப்பம்"ங்கிற எண்ணுக்குப் பேர்தான் பேர்ல் குறியீடு. இப்படி ஆளுங்க விட்டுப் போறது அந்தக் குறியீட்டையே ஏமாத்தும். 100 பெண்கள் ஒரு வருஷம்னா 1200 மாசம். கர்ப்ப எண்ணிக்கையை 1200-ஆல பெருக்கி, எல்லாப் பெண்களும் பயன்படுத்தின மொத்த மாசத்தால வகுக்கணும். ஒரு உதாரணத்துக்கு, முதல் வருஷம் 2400 மாசம், 10 கர்ப்பம்னு வைங்க: 10 × 1200 / 2400 = 5. அடுத்த வருஷம் மிச்சப் பேர் 1800 மாசம், 2 கர்ப்பம். ரெண்டையும் சேர்த்தா 12 × 1200 / 4200, கிட்டத்தட்ட 3.4. மாத்திரை அதேதான், ஆய்வு நீண்டதால எண் இறங்கிடுச்சு. அதனால ரெண்டு ஆய்வை ஒப்பிடும்போது எத்தனை மாசம் பின்தொடர்ந்தாங்கன்னு முதல்ல பாருங்க. ஒவ்வொரு மாசமும் மிச்சம் இருக்கிறவங்கள்ல எத்தனை பேர் கர்ப்பமானாங்கன்னு தனித்தனியா கணக்கிடுற ஆயுள் அட்டவணை போட்டிருந்தா அதையே நம்புங்க.

ரஹ்மத்: நான் மூணு மாசத்துக்கு ஒருமுறை போடுற அந்தரா கருத்தடை ஊசி போடுறேன். 0.2-தான்னு சொன்னாங்க. இந்த முறை மூணு வாரம் தள்ளிப் போச்சு, பயமா இருக்கு.

பிரேமா: தள்ளிப்போன ஊசியை நாலு வாரத்துக்குள்ள போட்டுக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இன்னிக்கே போய்ப் போடுங்கம்மா. அந்த 0.2 தேதி தவறாதவங்களுக்கு. தவறுறவங்களையும் சேர்த்தா 4. காப்பர் டி-யில 0.6, 0.8-ன்னு ரெண்டும் ஒட்டியே இருக்கும். போட்ட பிறகு தினமும் நினைவு வைக்க வேண்டியது ஒண்ணுமில்ல.

தேன்மொழி: அப்போ 0.3 சரியா எடுத்த கணக்குதானா?

பிரேமா: பின்னத்தின் கீழ்ப்பக்கத்தைப் பாருங்க. மேல சரியா சாப்பிட்ட மாசத்துல வந்த கர்ப்பம் மட்டும்னா, கீழயும் சரியா சாப்பிட்ட மாசங்கள் மட்டும்தான் வரணும். மறந்த மாசங்களையும் கீழ சேர்த்தா எண் பொய்யா குறைஞ்சு அழகாத் தெரியும். பழைய ஆய்வுகள்ல இந்தத் தவறு நிறைய.

குமரன்: சரி, நம்ம ஊருக்கும் அந்த 7-தானா?

பிரேமா: அப்படியே எடுத்துக்க முடியாது. மறக்கிறது ஊருக்கு ஊர், வயசுக்கு வயசு மாறும். 0.3 பெரிசா மாறாது, 7 மாறும்.